சாட் போய்விட்டது, படம் எங்கே? கேலரியும் ஃபைல் மேனேஜரும்: ஓர் ஒப்பீடு

வாட்ஸ்அப்பில் ஒரு சாட்டை அழித்தால் அதில் வந்த படங்களும் கூடவே போய்விட்டன என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. உரையாடல் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. படமும் வீடியோவும் தனித்தனி ஃபைல்களாக வேறொரு ஃபோல்டரில் கிடக்கின்றன. சாட்டை அழிக்கும்போது, மீடியாவையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு டிக் பெட்டி வரும். அதில் டிக் இல்லாமல் அழித்திருந்தால் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றை எங்கிருந்து தேடுவது என்பதுதான் கேள்வி.

எல்லோரும் முதலில் திறப்பது கேலரியைத்தான். அதில் தவறில்லை. WhatsApp Images, WhatsApp Video என்று இரண்டு ஆல்பங்கள் தெரியும். படத்தைப் பார்த்தே அடையாளம் காணலாம். முகம் நினைவிருக்கிறது, தேதி நினைவில்லை என்றால் இதைவிட வேகமான வழி கிடையாது.

ஆனால் கேலரி இரண்டு இடங்களில் ஏமாற்றும். முதலாவது தேதி. வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பப்படும் படத்தில் கேமரா பதிந்த விவரங்கள் நீக்கப்பட்டுவிடும். அதனால் 2019ல் எடுத்த படம் 2024ல் வந்தால், கேலரியில் 2024ல்தான் இருக்கும். அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பியிருந்தால் விவரங்கள் அப்படியே தங்கும். கேலரி அதை 2019க்குக் கொண்டுபோய் வைத்துவிடும். போன வாரம் வந்த படத்தைப் போன வாரத்தில் தேடிக்கொண்டிருப்போம், அது ஐந்து வருடம் கீழே கிடக்கும். பழைய போனிலிருந்து ஃபைல்களை நகலெடுத்துப் புதிய போனுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: பல போன்களில் எல்லாப் படங்களும் நகலெடுத்த அந்த ஒரே நாளின் கீழ் குவிந்துவிடும்.

இரண்டாவது, கேலரி சில ஃபோல்டர்களைக் காட்டவே காட்டாது. ஒரு சாட்டில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்து வைத்திருந்தால், அதில் வந்த படங்கள் Private என்ற உள்ஃபோல்டருக்குப் போகும். அங்கே .nomedia என்று ஒரு சிறு ஃபைல் இருக்கும்; அதைப் பார்த்ததும் கேலரி அந்த ஃபோல்டரைத் தாண்டிப் போய்விடும். படம் போனிலேயே இருக்கும், கேலரிக்கு மட்டும் தெரியாது.

இந்த இரண்டுக்கும் மருந்து ஃபைல் மேனேஜர்தான். போனில் 'ஃபைல்ஸ்' அல்லது 'மை ஃபைல்ஸ்' என்று ஏதாவது ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதில் 'இமேஜஸ்' என்ற வகைப் பொத்தானைத் தொட்டால் கிட்டத்தட்ட கேலரி காட்டுவதையேதான் பார்ப்பீர்கள். 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' வழியாக உள்ளே இறங்க வேண்டும். பாதை இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

ஆண்ட்ராய்டு 11க்கு முந்தைய போன்களில் WhatsApp ஃபோல்டர் நேரடியாக இன்டர்னல் ஸ்டோரேஜிலேயே இருக்கலாம். பிசினஸ் வாட்ஸ்அப் என்றால் com.whatsapp.w4b என்ற ஃபோல்டரில் பாருங்கள்.

இங்கே நமக்குக் கைகொடுப்பது ஃபைல் பெயர். வந்த படம் IMG-20240312-WA0007.jpg என்பதுபோல இருக்கும். வீடியோ VID என்று தொடங்கும். நடுவில் வருடம், மாதம், நாள். கடைசியில் அந்த நாளுக்கான வரிசை எண். போன் மாறினாலும், நகலெடுத்த தேதி குழப்பினாலும், பெயர் மாறாது. ஆனால் யார் அனுப்பினார், எந்தக் குழுவில் வந்தது என்பது பெயரில் கிடையாது. எல்லா சாட்களின் படங்களும் ஒரே குவியலில்தான் இருக்கும். ஆக, தேதியை எப்படியாவது பிடிக்க வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒருவர் ஒரு குழுவின் சாட்டை அழித்துவிட்டார். அதில் வந்த ஒரு வீடியோவும், ஒரு சான்றிதழின் ஸ்கேனும் வேண்டும். நிகழ்ச்சி 2024 மார்ச் 10 என்று காலண்டரில் இருக்கிறது. வீடியோ அன்றைக்கோ அடுத்த இரண்டு நாட்களிலோ வந்திருக்க வேண்டும். WhatsApp Video ஃபோல்டரைத் திறந்து, பெயர் வாரியாக வரிசைப்படுத்துகிறார். வருடம் முதலில் வருவதால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடுகிறது. VID-20240310 முதல் VID-20240312 வரை பார்த்தால் போதும். அடுத்தடுத்த எண்களில் ஒரே நிகழ்ச்சியின் காட்சிகள் இருந்தால், ஒருவர் மொத்தமாக அனுப்பியவை என்று ஊகிக்கலாம். தேடுவது அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இல்லையென்றால் உள்ளே இருக்கும் Private ஃபோல்டரில் இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

ஸ்கேன் மட்டும் இந்த முறைக்கு அகப்படாது. அதை டாக்குமெண்டாக அனுப்பியிருந்தால் WhatsApp Documents ஃபோல்டரில், பெரும்பாலும் அனுப்பியவர் வைத்த பெயரிலேயே இருக்கும். Scan, certificate என்று பெயரின் ஒரு துண்டைப் போட்டுத் தேடலாம். இல்லாவிட்டால் மாற்றப்பட்ட தேதிப்படி வரிசைப்படுத்தலாம். பிடிஎஃப் என்றால் கேலரியில் என்றைக்குமே தெரியாது.

நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தால் யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைப்பது மேல். போனின் அறிவிப்பில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே பாதை கணினியில் திறக்கும். கணினியிலிருந்தபடி போனுக்குள்ளேயே நேரடியாகத் தேட முயன்றால் ஆமை வேகம்தான். Media ஃபோல்டரை முழுதாகக் கணினிக்கு நகலெடுத்து அங்கே தேடுங்கள். பெரிய திரை, பெரிய சிறுபடங்கள், போனில் எதையும் தவறுதலாக அழிக்கும் பயமும் இல்லை. ஒரே ஒரு படத்துக்காக இவ்வளவு தேவையில்லை.

கூகுள் போட்டோஸ் வேறு வகை. மேலே சொன்ன மூன்றும் போனில் இருப்பதைத்தான் காட்டும். இது போனில் இல்லாததையும் காட்டக்கூடும். WhatsApp Images ஃபோல்டருக்கும் பேக்கப்பை நீங்களே முன்பு இயக்கியிருந்தால், அந்த டிக் பெட்டியில் டிக் போட்டு அழித்திருந்தாலும் கணக்கில் நகல் இருக்கும். கேமரா படங்களுக்குப் பேக்கப் ஓடினால் இதற்கும் ஓடும் என்று நினைக்க வேண்டாம்; ஃபோல்டர் வாரியாகத் தனியே இயக்க வேண்டும். அதன் 'டிராஷ்' பகுதியில் பேக்கப் ஆனவை 60 நாள், ஆகாதவை 30 நாள் தங்கும். ஆனால் அங்கே போவது போட்டோஸில் அழித்தவைதான். வாட்ஸ்அப் தானே அழித்த ஃபைலை அந்தக் குப்பைத்தொட்டியில் தேடிப் பயனில்லை.

ஐபோனில் இந்த ஒப்பீடே மாறிவிடுகிறது. அங்கே வாட்ஸ்அப்பின் படங்கள் ஆப்புக்குள்ளேயே பூட்டியிருக்கும். துழாவ வெளி ஃபோல்டர் இல்லை. செட்டிங்ஸில் போட்டோஸில் சேமிக்கும் வசதி இயங்கியிருந்தாலோ, அந்தப் படத்தை நீங்களே சேமித்திருந்தாலோ மட்டும் போட்டோஸ் ஆப்பில் நகல் இருக்கும். சாட்டை அழிப்பது அந்த நகலைத் தொடாது.

தேடலை எப்போது நிறுத்துவது? ஆட்டோ டவுன்லோடு அணைந்திருந்து, மங்கலான படத்தை நீங்கள் ஒருமுறைகூடத் தொட்டுத் திறக்காமல் சாட்டை அழித்திருந்தால், ஃபைல் உங்கள் போனுக்கு வந்ததே இல்லை. எந்த ரெக்கவரி ஆப்பும் அதைக் கொண்டுவராது. அனுப்பியவரிடமோ, அதே குழுவில் இருக்கும் வேறொருவரிடமோ கேட்டு வாங்குவதுதான் வழி. கேட்கும்போது டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். தரம் குறையாமல் வரும்.