எக்ஸ்டென்ட் முறையா, அணு பேலன்ஸா: ஒரே பர்னர் கணக்கு ரெண்டு வழியில

ரியாக்‌ஷன் இருக்குற மாஸ் பேலன்ஸ்ல நிறைய பேர் மாட்டுறது கணக்கு போடுற இடத்துல இல்ல, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் எண்ணுற இடத்துலதான். அதனால ஒரே கேஸை ரெண்டு முறையிலயும் போட்டு, எங்க எது கால வாருதுன்னு பாத்துடுவோம்.

கேஸ் இதுதான். 100 மோல் மீத்தேன், 25% எக்ஸஸ் காத்து, மீத்தேன் கன்வெர்ஷன் 90%, வெளிய வர்ற CO2-வும் CO-வும் 8-க்கு 1. முதல்ல படம், இதை வரையாம சமன்பாடு எழுத உக்காரவே கூடாது:

```
CH4 = 100            ┌────────┐   CH4 = n1   CO  = n4
O2 = 250, N2 = 940 ─>│ பர்னர் │─> O2  = n2   CO2 = n5
                     └────────┘   N2  = n3   H2O = n6
```

250 எப்படி வந்துச்சுன்னா, 100 மோல் மீத்தேன் மொத்தமும் CO2-வா எரிய 200 மோல் O2 வேணும், அதுக்கு மேல 25%. கன்வெர்ஷன் 90% தானேன்னு 180-ல இருந்து ஆரம்பிச்சா படமே தப்பு, எக்ஸஸ்ங்கிறது எப்பவும் முழுசா எரிஞ்சா எவ்வளவு வேணுமோ அதை வச்சுத்தான்.

எக்ஸ்டென்ட் முறையில ரியாக்‌ஷன் ரெண்டு:

```
R1: CH4 + 1.5 O2 -> CO  + 2 H2O   (ξ1)
R2: CH4 + 2 O2   -> CO2 + 2 H2O   (ξ2)
```

தெரியாதது n ஆறு, ξ ரெண்டு, ஆக எட்டு. சமன்பாடு ஒவ்வொரு பொருளுக்கும் ஒண்ணுன்னு ஆறு, கன்வெர்ஷன் ஒண்ணு, விகிதம் ஒண்ணு, அதுவும் எட்டு. DOF பூஜ்யம், போடலாம். ξ1 = 10, ξ2 = 80, O2 வந்து 250 − 15 − 160 = 75, தண்ணி 180, மீத்தேன் மிச்சம் 10.

அணு முறையில ξ-யே கிடையாது. தெரியாதது ஆறு, C, H, O மூணு பேலன்ஸ், N2 ஒண்ணு, அப்புறம் அதே ரெண்டு நிபந்தனை, இங்கயும் பூஜ்யம். H-ல இருந்து 400 = 4×10 + 2×n6, தண்ணி 180. O-ல 500 = 2×n2 + 10 + 160 + 180, அதே 75.

விடை ஒண்ணுதான், அப்ப வித்தியாசம் எங்க? CO-வும் எரிஞ்சு CO2 ஆகுமேன்னு நீங்க நல்ல எண்ணத்துல மூணாவதா CO + 0.5 O2 -> CO2 சேத்தீங்கன்னா எக்ஸ்டென்ட் முறையில தெரியாதது ஒன்பதாயிடும், DOF 1 காட்டும், கேள்வியில டேட்டா பத்தலன்னு தோணும். உண்மையில அது R2-ல இருந்து R1-ஐ கழிச்சா வர்றதுதான், புதுசு இல்ல. கண்டுபிடிக்க ஈஸி வழி, ரியாக்‌ஷன்ல கலந்துக்குற பொருள் 5, அணு வகை 3, கழிச்சா 2, அதுக்கு மேல ரியாக்‌ஷன் எழுதினா ஒண்ணு இன்னொண்ணோட நிழல்.

அணு முறை இந்தக் குழில விழவே விழாது, ஆனா அதுக்குன்னு ஒரு குழி இருக்கு. எத்திலீன் பியூட்டீன் ஆகுற மாதிரி ரியாக்‌ஷன்ல எல்லாப் பொருள்லயும் C-க்கு ரெண்டு H தான், அதனால C பேலன்ஸும் H பேலன்ஸும் ஒரே சமன்பாடு. ரெண்டா எண்ணினா DOF பூஜ்யம்னு பொய் சொல்லும், போட ஆரம்பிச்சா கடைசில 0 = 0 வந்து நிக்கும். அப்படி வந்தா கணக்கை திரும்பத் திரும்ப போடாதீங்க, எண்ணிக்கையப் போய்ப் பாருங்க. அந்தச் சூத்திரத்துலயும் அணு வகை 2-ன்னு போடாம 1-ன்னுதான் போடணும்.

எனர்ஜி பேலன்ஸுக்கு வந்தா ஒவ்வொரு முறைக்கும் ஒரு ஜோடி இருக்கு. ξ கையில இருந்தா ரியாக்‌ஷன் ஹீட் முறை: R1-க்கு −519.3, R2-க்கு −802.3 kJ/mol, அதாவது 10×(−519.3) + 80×(−802.3) = −69,377 kJ. அணு முறையில வந்தவங்களுக்கு ஃபார்மேஷன் ஹீட்: வெளிய −76,857, உள்ள −7,480, கழிச்சா அதே −69,377. இது 25 °C-க்கு, வெளிய வர்ற கேஸ் சூடா இருந்தா அதோட சென்ஸிபிள் ஹீட்டை இதோட கூட்டிக்கணும்.

ரெண்டுலயும் பொதுவா வர்ற தப்பு தண்ணி. ஆவிக்கு −241.8, திரவத்துக்கு −285.8. டேபிள்ல தப்பு வரிய எடுத்தா 180×44 = 7,920 kJ பிசகும், பத்து சதவீதத்துக்கு மேல.

என் தேர்வு, பர்னர் மாதிரி பல ரியாக்‌ஷன் கலந்து ஓடுற இடத்துல அணு பேலன்ஸ் + ஃபார்மேஷன் ஹீட். ஒரே ரியாக்‌ஷன்னா எக்ஸ்டென்ட் தான் வேகம், சந்தேகமே இல்ல. நிலக்கரி மாதிரி ஃபார்மேஷன் ஹீட்டே டேபிள்ல கிடைக்காத எரிபொருள்னா மட்டும் மாஸுக்கு அணு பேலன்ஸ் போட்டுட்டு, எனர்ஜிக்கு ஹீட்டிங் வேல்யூவ வச்சு ரியாக்‌ஷன் ஹீட் பக்கம் போயிடுங்க, அப்ப சாம்பல்ல எரியாம தங்கின கார்பனையும் CO-வையும் தனியா கழிக்க மறக்காதீங்க.