பெருக்குவதா, கூட்டுவதா, எண் போட்டுப் பார்ப்பதா? லூப்புக்குள் லூப் கேள்விக்கு மூன்று வழிகள்

அக்கா மகன் இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கிறான். போன வாரம் ஈசூனில் அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பயிற்சித் தாளில் தவறிய கேள்விகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே கேள்வியில் அரை மணி நேரம் போனது.

```c
for (i = 1; i <= n; i *= 2)
    for (j = 0; j < i; j++)
        count++;
```

n பெரிதாகும்போது இந்த லூப் செய்யும் வேலை எப்படி வளரும் என்பதுதான் கேள்வி. விடைகள் நான்கு: O(log n), O(n), O(n log n), O(n²). அவன் மூன்றாவதைக் குறித்திருந்தான். "மாமா, வெளி லூப் log n தடவை, உள் லூப் அதிகபட்சம் n தடவை. பெருக்கினால் n log n தானே?" என்றான்.

சரியான விடை O(n). ஆனால் அவன் கணக்கில் பொய் எதுவும் இல்லை. வெளி லூப் ஏறக்குறைய log n தடவைதான் சுற்றுகிறது, உள் லூப் n-ஐத் தாண்டவே இல்லை. பெருக்கி வரும் எண்ணுக்கு மேல் வேலை நடக்காது என்பதும் உண்மை. பிரச்சினை என்னவென்றால், பெருக்கல் தருவது ஒரு மேல் எல்லை. தாளில் கேட்பது எல்லாவற்றிலும் நெருக்கமான எல்லை. O(n) ஆக இருக்கும் ஒன்றை O(n log n) என்றும் O(n²) என்றும் சொல்வது கணிதப்படி தப்பில்லை. அதனால்தான் இந்த இரண்டும் விடைப்பட்டியலில் பக்கத்திலேயே வந்து நிற்கின்றன.

இரண்டாவது வழி கூட்டுவது. உள் லூப் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை தடவை ஓடுகிறது என்று வரிசையாக எழுத வேண்டும். i என்பது 1, 2, 4, 8 என்று போகிறது. உள்ளே நடப்பதும் அதே 1, 2, 4, 8 தடவைதான். n என்பது 16 என்றால் 1+2+4+8+16 = 31. கடைசி எண்ணுக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் கூட்டினாலும் கடைசி எண்ணைவிட ஒன்று குறைவாகத்தான் வரும். ஆகவே மொத்தம் எப்போதும் 2n-க்குள் அடங்கிவிடும். இதையே தலைகீழாக, `i = n` என்று தொடங்கி `i /= 2` என்று குறைத்துக் கேட்பார்கள். n + n/2 + n/4 என்று அதே கூட்டுத்தொகைதான், விடையும் O(n) தான்.

அப்புறம் அவன் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது. "அப்படியென்றால் `i++` போட்ட லூப்பில் பெருக்கினால் மட்டும் ஏன் சரியாக வருகிறது?" அதாவது வெளியே i ஒவ்வொன்றாக ஏறி, உள்ளே j < i என்று ஓடும் லூப். அங்கேயும் உள் லூப்பின் எல்லை i-ஐத்தான் நம்பியிருக்கிறது. பெருக்கினால் n², கூட்டினால் ஏறக்குறைய n²/2, இரண்டும் O(n²). பாடத்தில் முதலில் வருவது இந்த லூப் என்பதால், பெருக்கல் எங்கேயும் செல்லும் என்ற நம்பிக்கை மாணவர்களுக்கு ஊறிவிடுகிறது.

வித்தியாசம் பெரிய சுற்றுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. i ஒவ்வொன்றாக ஏறும்போது, பாதிச் சுற்றுகளில் i என்பது n/2-க்கு மேல் இருக்கும். பாதிப் பேர் கிட்டத்தட்ட முழு வேலை செய்தால், எல்லோரும் முழு வேலை செய்ததாகக் கணக்குப் போட்டாலும் இரண்டு, நான்கு மடங்குதான் தப்பும். பிக் ஓ அதைக் கண்டுகொள்ளாது. i இரட்டிப்பாகும்போது n/2-க்கு மேல் வருவது ஒரே ஒரு சுற்று. மீதி எல்லாம் சின்னச் சுற்றுகள். எல்லாச் சுற்றையும் n என்று வைத்துப் பெருக்கினால் இல்லாத வேலையைக் கணக்கில் ஏற்றுகிறோம். இந்த ஒன்றைப் பார்க்கப் பழகினால், எங்கே பெருக்கலாம் என்று தாளைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். உள் லூப் j < n என்று i-ஐத் தொடாமல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பெருக்கிவிடலாம்.

மூன்றாவது வழியை அவன் நண்பர்கள் பலரும் நம்பியிருக்கிறார்கள்: n-க்குச் சின்ன எண் போட்டு எண்ணிப் பார்ப்பது, பிறகு இரட்டிப்பாக்கி எத்தனை மடங்கு ஏறுகிறது என்று பார்ப்பது. நம் லூப்பில் n = 16 என்றால் 31, n = 32 என்றால் 63; இரண்டு மடங்கு. n², n இரண்டையும் பிரிக்க இது நல்ல வழி, ஏனென்றால் ஒன்று நான்கு மடங்காகும், மற்றது இரண்டு மடங்காகும். n, n log n இரண்டையும் பிரிக்கத்தான் தடுமாறும். இங்கே log என்பது 2-ஐ அடியாகக் கொண்டது; n log n-இல் 16-லிருந்து 32-க்குப் போனால் 64, 160 ஆகிறது, அதாவது 2.5 மடங்கு. 1024-லிருந்து 2048-க்குப் போனால் 2.2 மடங்குதான். n பெரிதாகப் பெரிதாக இரண்டும் நெருங்கிக்கொண்டே போகும்.

மடங்கைப் பார்ப்பதைவிட, எண்ணிக்கையை n-ஆல் வகுத்துப் பார்ப்பது மேல். இந்த லூப்பையும் அதே தாளில்தான் கேட்டிருந்தார்கள்:

```c
for (i = 1; i <= n; i++)
    for (j = 1; j <= n; j += i)
        count++;
```

கையால் எண்ணினோம். n = 8 என்றால் 24, n = 16 என்றால் 61, n = 32 என்றால் 145. n-ஆல் வகுத்தால் 3, 3.8, 4.5. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஏறக்குறைய 0.7 கூடிக்கொண்டே போகிறது, அப்படியானால் log இருக்கிறது. முதல் லூப்பை இதே மாதிரி வகுத்தால் 1.88, 1.94, 1.97 என்று 2-ஐத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. கூட்டல் வழியில் இதற்குக் காரணமும் தெரியும்: உள் லூப் ஏறக்குறைய n/i தடவை ஓடுகிறது, n(1 + 1/2 + 1/3 + …) என்ற அந்தத் தொகை n log n. பெருக்கியிருந்தால் n² வந்திருக்கும். ஆனால் 32 வரை கையால் எண்ண எங்களுக்குப் பத்து நிமிடம் ஆனது. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் தேர்வில் அது கட்டாது. கூட்டல்தான் முதல் வழி, எண் போடுவது சந்தேகம் வந்தால் மட்டும் என்று அவனிடம் சொன்னேன்.

கூட்டல் திணறும் இடமும் ஒன்று உண்டு. வெளியே `i++`, உள்ளே j ஒன்றிலிருந்து i வரை `j *= 2` என்று ஏறினால், log 1 + log 2 + … + log n என்று கூட்ட வேண்டி வரும். அவன் அதைப் பார்த்து மலைத்துப் போனான். இங்கே பெருக்கலுக்கே திரும்பலாம். மேல் எல்லை n log n. பாதிச் சுற்றுகளில் i என்பது n/2-க்கு மேல், அவை ஒவ்வொன்றிலும் உள் லூப் குறைந்தது log n − 1 தடவை ஓடும். பெரிய சுற்றுகள் பாதி இருக்கின்றன, ஆகவே n log n நிற்கும். அவன் பென்சிலை எடுத்து, இந்தக் கேள்விக்கு அடித்துவைத்திருந்த n log n விடையை மறுபடி வட்டமிட்டான்.