நரைத்த தாடிக்கு எது: கறுப்புப் பவுடர் டையா, பிரவுன் கிரீமா, அவுரியா?

தாடிக்கு வீட்டிலேயே டை அடிக்க நினைப்பவருக்கு நம் ஊர்க் கடையில் கிடைப்பவை மூன்று வகை. தண்ணீரில் குழைத்துப் பூசும் கறுப்புப் பவுடர், இரண்டு பாக்கெட்டாக வந்து சேர்த்துக் கலக்கும் கிரீம், மருதாணியும் அவுரியும். நான் பவுடரில் தொடங்கி கிரீமுக்கு வந்தவன். கிரீமிலும் கறுப்பை விட்டுவிட்டு, 4 என்று எண் போட்ட பிரவுனில் நிற்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விலையில் பவுடரை அடிக்க ஆள் இல்லை. முதல் நாள் நரையை மூடுவதிலும் அது கெட்டிக்காரன். தாடிக்கென்றே வரும் ஜெல் வகைகள் வேலை செய்யும் விதத்தில் கிரீமின் தம்பிதான், விலை மட்டும் கூடுதல். இவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது அடுத்த இரண்டு வாரம் தாடி எப்படி இருக்கிறது என்பதை.

தாடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் வளரும். தலைமுடியில் இதே வளர்ச்சி ஒரு மாதம் வரை கண்ணில் படாது, ஏனென்றால் முடி நீளம். 5 மில்லிமீட்டர் அளவுக்கு ட்ரிம் செய்த தாடியில் கதையே வேறு. நான்காம் நாள் அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் வெள்ளை வந்துவிடும், அதாவது தாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வாரத்தில், இடையிடையே ட்ரிம் செய்துகொண்டே வந்தால், டை அடித்த முடி முழுவதும் வெட்டுப்பட்டுப் போய் புது நரைதான் மிச்சம் இருக்கும். குட்டைத் தாடிக்கு ‘நிரந்தர நிறம்’ என்று பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு அர்த்தமே கிடையாது. நிறம் எத்தனை வாரம் நிற்கும் என்று கேட்பதைவிட, ஒரு வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை முகத்தில் பூசக்கூடிய பொருளா இது என்று கேட்பதுதான் சரி.

இந்தக் கேள்வியில்தான் கறுப்பு தோற்கிறது. கன்னங்கரிய முடிக்கு அடியில் வெள்ளை வேர் வந்தால், தோலை ஒட்டி ஒரு வெளிறிய பட்டை போலத் தெரியும். எதிரே உட்கார்ந்து பேசுபவரின் கண் அங்கேதான் போகும். அதை மறைக்க நாலைந்து நாளிலேயே மறுபடி அடிக்கத் தோன்றும். பிரவுனுக்கு அடியில் அதே வெள்ளை வந்தால் மாற்றம் மெதுவாக இருக்கும், இயல்பாக நரை கலந்த தாடி போலத் தோன்றும். பத்து நாள் வரை தாராளமாகத் தள்ளலாம்.

இன்னொரு காரணம் தோல் சம்பந்தப்பட்டது. பவுடரிலும் பெரும்பாலான கிரீமிலும் நிறம் தருவது பிபிடி எனப்படும் பாரா-ஃபீனைலீன்டையமின். பொதுவாக நிறம் கறுக்கக் கறுக்க இதன் அளவும் கூடும். அதிகமாக உள்ளதை அடிக்கடி பூசுவதா, குறைவாக உள்ளதை இடைவெளி விட்டுப் பூசுவதா என்று பார்த்தால், முகத்துக்கு எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘அம்மோனியா இல்லை’, ‘ஹெர்பல்’ என்று முன்பக்கம் போட்டிருப்பதை வைத்து பிபிடி இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும். தாடி மீசைக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். தலைக்கு மட்டும் என்று சொன்னால் அதை விட்டுவிட்டு வேறு பாக்கெட் எடுங்கள்.

எண் விஷயத்துக்கு வருவோம். 1 கறுப்பு, 3 டார்க் பிரவுன், 4 பிரவுன், 5 லைட் பிரவுன் என்பது பொது வழக்கம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். தலைமுடி இன்னும் நல்ல கறுப்பாக இருந்தால் 3 போதும். தலையில் அங்கங்கே நரை எட்டிப் பார்த்தால் 4. தலையே பாதிக்கு மேல் நரைத்தவர் தாடியை மட்டும் இருட்டாக்கினால் ஒட்டுத்தாடி போலாகிவிடும், 5 எடுத்துக் குறைந்த நேரம் வைத்தாலே நன்றாக இருக்கும். பெட்டியில் உள்ள படத்தைவிடத் தாடியில் நிறம் ஒரு படி அழுத்தமாகத் தெரியும், ஏனென்றால் முடி தடிமன், அடர்த்தியாகவும் நிற்கிறது. எனவே 3-ஆ 4-ஆ என்ற குழப்பம் வந்தால் 4. போதவில்லை என்றால் அடுத்த முறை ஓரிரு நிமிடம் கூட வைக்கலாம். அழுத்தமாக ஏறியதை இறக்கத்தான் வழியில்லை. பர்கண்டி, செம்பு, தங்கம் என்ற பெயருள்ள பிரவுன்கள் வேண்டாம். சாதாரண பிரவுனே வெளுக்கும்போது கொஞ்சம் செம்பட்டையாகும். என் தேர்வில் உள்ள உண்மையான குறை இதுதான், வெயிலில் அலைபவருக்கு இன்னும் சீக்கிரம் தெரியும்.

திட்டுத்திட்டாக ஏறுவது ஏன்? முகவாயில் உள்ள முடி முதலில் நரைக்கும், தடிமனும் அதிகம், நிறத்தை மெதுவாகத்தான் வாங்கும். கன்னத்து முடி மெல்லியது, சட்டென்று வாங்கிவிடும். மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் பூசினால் கன்னம் கறுத்து முகவாய் வெளிறி நிற்கும். பவுடரில் இது இன்னும் மோசம். சாயமும் அதை வேலை செய்யவைக்கும் பொருளும் தூளிலேயே கலந்திருப்பதால் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். கட்டி இல்லாமல் குழைத்து முடிப்பதற்குள் பாதி வீரியம் கிண்ணத்திலேயே போய்விடும். பூசியபின் ஓரங்களில் காய்ந்து பொருக்காகும். காய்ந்த இடத்தில் நிறம் ஏறுவது நின்றுவிடும், ஈரம் நிற்கும் இடத்தில் தொடர்ந்து ஏறும். கிரீம் காயாமல் முடியில் ஒட்டி நிற்பதால் நமக்கு அவகாசம் கிடைக்கிறது.

என் மச்சானுக்குப் பூசிவிடும் முறையையே சொல்கிறேன். நாற்பதுகளின் நடுவில் இருப்பவர், 5 மில்லிமீட்டர் தாடி. முகவாய் முழு வெள்ளை, கன்னம் கலப்பு, மீசை பெரும்பாலும் கறுப்பு. கன்னக் கோடும் கழுத்தும் முந்தைய நாளே ஷேவ் செய்துவிடுவார், அன்றைக்கே செய்தால் கத்தி பட்ட தோல் எரியும். டை அடிக்கும் அன்று ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, முழுக்க உலர விடுவோம். தாடியில் எண்ணெய் இருந்தால் அந்த இடம் நிறத்தை வாங்காது. ஈரம் இருந்தால் கிரீம் நீர்த்து வழியும்.

அப்புறம் வாசலின். கன்னக் கோட்டுக்கு மேலே, கழுத்துக் கோட்டுக்குக் கீழே, உதட்டின் மேல், காது ஓரத்தில் மெல்லிய பூச்சு. பஞ்சுக் குச்சியால் தடவினால் முடிமேல் படாது. பட்டால் அந்த முடி வெள்ளையாகவே நின்றுவிடும். இரண்டு பாக்கெட்டிலிருந்தும் 10 கிராம் வீதம் எடுத்து பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலப்போம் (அளவு விகிதம் உங்கள் பாக்கெட்டில் எப்படியோ அப்படி). உலோகக் கிண்ணம் வேண்டாம், கையுறை கட்டாயம். கலந்து மீந்ததை மூடி வைக்காதீர்கள். உள்ளே வாயு சேரும், மறுமுறைக்கு வேலையும் செய்யாது.

பழைய டூத்பிரஷ்ஷால் முதலில் முகவாய். முடி வளரும் திசைக்கு எதிராக ஒரு முறை, திசையோடு ஒரு முறை. பிரஷ் முடியில் ஓட வேண்டும், தோலில் தேய்க்கக் கூடாது. மூன்று நிமிடம் கழித்துக் கன்னம். மீசையில் உள்ள நான்கு வெள்ளை முடிகளுக்கு மட்டும் கடைசியில் ஒரு தொடுதல். கிருதா தலைமுடியோடு சேரும் இடத்தில் புதிதாகக் கிரீம் எடுப்பதில்லை. பிரஷ்ஷில் ஒட்டியிருப்பதை மேல்நோக்கி லேசாக இழுத்தால் எல்லைக் கோடு விழாது.

கிரீம் வெளியே கறுத்துக்கொண்டே வரும், அதைப் பார்த்துப் பயந்து கழுவிவிடக் கூடாது. ஐந்தாம் நிமிடத்தில் முகவாயில் ஒரு சிறு இடத்தை ஈர டிஷ்யூவால் துடைத்து முடியின் நிறத்தைப் பாருங்கள். போதாவிட்டால் அதே இடத்தில் திரும்பப் பூசி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். மச்சானுக்கு எட்டு நிமிடத்தில் சரியாக வருகிறது. பாக்கெட்டில் சொன்ன அதிகபட்ச நேரத்தைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் தெளிவாக வடியும்வரை கழுவி, தோலில் கறை இருந்தால் உடனே தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். நீண்ட தாடி வைத்திருப்பவர் அடுத்த முறை வேரில் மட்டும் பூச வேண்டும். நுனிவரை இழுத்தால் நுனி கறுத்துக்கொண்டே போய் இரண்டு நிறமாகிவிடும்.

எந்த டை என்றாலும் 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் துளி வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். பல வருடம் ஒன்றும் செய்யாத டை திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். பிபிடி ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே வரும் என்பதால் ஷேவிங் எரிச்சல் என்று நினைத்துவிடுவார்கள். பூசிய இடத்தில் அரிப்பு, சிவப்பு, நீர் கோத்த பொரி, கண் இமை வீக்கம் இவைதான் அடையாளம். முகம் வீங்கினால் தோல் மருத்துவரிடம் போங்கள், மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்கு. ஒருமுறை வந்துவிட்டால் அது பொதுவாக ஆயுசுக்கும் இருக்கும், நிறத்தையோ கம்பெனியையோ மாற்றித் தப்பிக்க முடியாது.

அப்படிப்பட்டவருக்கு மருதாணியும் அவுரியும்தான் வழி. இதில் என் அனுபவம் குறைவு, வீட்டில் தலைக்குப் போடுவதைப் பார்த்துத் தாடிக்குச் செய்து பார்த்த அளவுதான். அவுரியை மட்டும் நரைமேல் பூசினால் நீலமோ பச்சையோ அடிக்கும். முதலில் பல மணி நேரம் ஊறவைத்த மருதாணியைப் பூசிச் சிவப்பு ஏற்ற வேண்டும். கழுவியபின் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, 10, 15 நிமிடம் கழித்து உடனே பூச வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் முழு நிறம் வரும், அதுவரை ஷாம்பு போடக் கூடாது. தோலுக்கு இதமானது, ஆனால் அரைநாள் வேலை, குட்டைத் தாடிக்குப் பத்து நாளில் மறுபடியும். வாங்கும்போது பொருட்கள் பட்டியலில் அவுரி இலை, மருதாணி இலை தவிர வேறெதுவும் இல்லாததாகப் பாருங்கள். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதில் பெரும்பாலும் அதே பிபிடிதான் கலந்திருக்கும்.