.exr என்று பெயர் இருந்தால் போதுமா? வெளியே ரெண்டர் கொடுக்கிறவர்கள் படிக்கவும்

ஒரு நகைக்கடை விளம்பரம். குத்துவிளக்கின் முன்னால் வளையல்கள் மெதுவாகச் சுழலும், பின்னால் இருண்ட சுவர். ஆறு விநாடி, மொத்தம் 150 ஃபிரேம். என் கணினியில் ஓடவிட்டால் கெடு தாண்டிவிடும் என்பதால், பிளெண்டர் ஃபைலை ஒரு ரெண்டர் சர்வீஸ்காரரிடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம், இதே வேலையை இன்னும் சிலர் செய்கிறார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். ஆர்டரில் எழுதிக் கொடுத்தது தெளிவாக இருந்தது: OpenEXR MultiLayer, நிறத்துக்கு 16 பிட் ஹாஃப் ஃப்ளோட், கூடவே ஒவ்வொரு விளக்கின் வெளிச்சத்தையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் லைட் குரூப், பொருள்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க உதவும் கிரிப்டோமேட். PNG-க்கு ஒரு விலை, மல்டிலேயர் EXR-க்கு அதைவிடக் கூடுதல் விலை. கூடுதல் விலைதான் கொடுத்தேன்.

ஃபைல்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் .exr என்றே பெயர். திறந்தால் படமும் அழகாகத் தெரிந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு, சுடர் கண்ணைக் கூசுகிறது, கொஞ்சம் அடக்குங்கள், பின்சுவரை இன்னும் கொஞ்சம் தெரியும்படி ஏற்றுங்கள் என்றார். கம்பாசிட்டிங்கில் அரை மணி நேர வேலை. சுடரின் எக்ஸ்போஷரைக் குறைத்தேன். உள்ளே மஞ்சள் கரு, அதைச் சுற்றி ஆரஞ்சு என்று பிரிந்து வர வேண்டிய சுடர், வெளுத்துப்போன சாம்பல் பொட்டாக நின்றது. சுவரை ஏற்றினால் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக விழுந்தது.

சந்தேகம் வந்து, அதே ஃபிரேமை என் கணினியில் குறைந்த சாம்பிளில் ரெண்டர் செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் ஃபைலில் சுடரின் நடுவில் மதிப்பு 38. அவர்கள் ஃபைலில் அதே இடத்தில் 1.0. அதற்கு மேல் படம் முழுக்க ஒரு பிக்சல்கூட இல்லை. எக்ஸ்போஷரை ஐந்து ஸ்டாப் இறக்கினால் 32-ஆல் வகுத்த மாதிரி. 38 என்பது 1.19 ஆகும், சுடர் இன்னும் சுடராகவே இருக்கும். 1.0 என்பது 0.03 ஆகும், அது கிட்டத்தட்ட கறுப்பு. அப்புறம் இந்தக் கட்டளையை ஓட்டினேன்:

```
oiiotool --info -v --stats frame_0072.exr
```

Stats Max வரிசையில் எல்லாம் 1.000000. சேனல் பட்டியலில் R, G, B, A மட்டும். மல்டிலேயர் ஃபைல் என்றால் அங்கே ViewLayer.Combined.R, ViewLayer.Depth.Z, ViewLayer.CryptoObject00.r என்று நீளமாக ஓட வேண்டும். நான் கேட்ட லைட் குரூப் ஒன்றுகூட இல்லை.

போன் செய்தேன். "சார், ஃபைல் EXR தானே? திறக்குது இல்ல?" என்றார். 16 பிட் எங்கே என்றதற்கு, "16 பிட்டுதான் சார், பிராபர்ட்டீஸ்ல பாருங்க" என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் விஷயம் வந்தது. அவர்களுடைய சிஸ்டம் எல்லோருக்கும் 8 பிட் PNG-யாகத்தான் ரெண்டர் எடுக்கிறது. EXR கேட்டவர்களுக்குக் கடைசியில் மொத்தமாக மாற்றிக் கொடுக்கிறார்கள். அரைப்படி அரிசியை ஒருபடிப் பாத்திரத்தில் கொட்டி, ஒரு படி என்று விற்கிற கதை.

8 பிட் PNG-யில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், அவ்வளவுதான். பூஜ்யத்தில் தொடங்கி வெள்ளையில் முடிகிறது, வெள்ளைக்கு மேலே என்று ஒன்று அதில் கிடையாது. என் இருண்ட சுவர் மொத்தமும் அந்த 256-இல் பத்துப் பதினைந்து படிகளுக்குள் அடங்கியிருந்தது, ஏற்றினால் பட்டை விழத்தான் செய்யும். ஹாஃப் ஃப்ளோட்டில் வெளிச்சம் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் 1024 படிகள் கிடைக்கின்றன. அதனால் இருட்டிலும் இடம் இருக்கிறது, மேலே 65504 வரையும் இடம் இருக்கிறது.

"sRGB-யிலிருந்து லீனியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்றும் ஒரு யோசனை சொன்னார்கள். ஆகாது. பிளெண்டர் PNG எழுதும்போது AgX போன்ற வியூ டிரான்ஸ்ஃபார்மைப் படத்திலேயே சேர்த்துவிடுகிறது. பளீரென்ற பகுதிகள் எல்லாம் வெள்ளைக்குக் கீழே கடைசிச் சில படிகளுக்குள் நசுங்கி உட்கார்ந்துவிடும். அந்த வளைவைத் தலைகீழாகப் போட்டாலும், ஒரே படிக்குள் போய்விட்ட பத்து வெவ்வேறு வெளிச்சங்களைத் திரும்பப் பிரிக்க முடியாது. EXR-இல் அந்த டிரான்ஸ்ஃபார்ம் சேராது, காட்சியின் லீனியர் மதிப்பு அப்படியே போகும்.

16 பிட் PNG கேட்டிருந்தால்? சுவரில் பட்டை விழுந்திருக்காது, அதில் 65536 படிகள். ஆனால் அதுவும் வெள்ளையோடு நின்றுவிடும், சுடர் இதே மாதிரி செத்திருக்கும். PNG-யைக் குறை சொல்லவில்லை. கடைக்காரருக்கு அனுப்பும் பிரிவியூவுக்கு நானும் PNG தான் எடுக்கிறேன். இனிமேல் யாரும் கை வைக்கப்போவதில்லை என்றால் அது போதும்.

பணத்தை விட எனக்கு வலித்தது லேயர்கள் போனதுதான். விளக்குச் சுடரை ஒரு லைட் குரூப்பாகவும், வளையல் மேல் விழும் விளக்குகளை இன்னொரு குரூப்பாகவும் பிரித்துத்தான் சீனைக் கட்டியிருந்தேன். வெளிச்சம் என்பது கூட்டல் கணக்கு. குரூப்களைக் கூட்டினால் முழுப்படம் வரும். ஆகவே சுடர் குரூப்பை மட்டும் 0.4-ஆல் பெருக்கிக் கூட்டினால், சுடர் அடங்கும், அது வளையலில் விழுத்திய பிரதிபலிப்பும் தரையில் பட்ட மஞ்சளும் சேர்ந்தே அடங்கும். சீனிலேயே விளக்கைக் குறைத்து மறுபடி ரெண்டர் எடுத்ததற்குச் சமம். ஒற்றைப் படத்தில் சுடரைச் சுற்றி மாஸ்க் போட்டுக் குறைத்தால், சுடர் மங்கிவிடும், வளையலில் அதன் பிம்பம் மட்டும் பழையபடி எரியும். பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஏதோ போலி என்று மட்டும் தோன்றும்.

கிரிப்டோமேட் கேட்கும்போது ஒரு கவனம். அதில் பொருளின் அடையாளம் 32 பிட் எண்ணாக இருக்கும். ஹாஃபில் அடைத்தால் எண் சிதைந்து, தேர்வு வேலை செய்யாது. DWAA மாதிரி இழப்புள்ள சுருக்கமும் அதற்கு ஆகாது, ZIP போதும். டெப்த்தும் முழு ஃப்ளோட்டில் இருப்பது நல்லது. நிறத்துக்கு மட்டும் ஹாஃப் தாராளம். எல்லாவற்றையும் 32-இல் வாங்கினால் ஃபைல்கள் வீணாகப் பெருக்கும்.

மேலே சொன்ன சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. சீனில் பளீரென்று எதுவும் இல்லாவிட்டால், நேர்மையான EXR-இலும் உச்ச மதிப்பு 1-ஐத் தாண்டாமல் இருக்கலாம். இருண்ட பகுதியை ஏற்றிப் பார்த்தால் பட்டை காட்டிக்கொடுக்கும் என்றாலும், கிரெய்ன் அதிகமான ரெண்டரில் பட்டை மறைந்துவிடும். அதனால் இப்போது அனுப்பும் ஃபைலிலேயே கேமராவின் ஓரத்தில், கடைசியில் வெட்டிவிடும் இடத்தில், எமிஷன் 50 வைத்து ஒரு சின்ன உருண்டையை வைத்துவிடுகிறேன். முன்பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு ஃபிரேமை வாங்கி, அந்த உருண்டையின் மேல் பிக்சல் மதிப்பைப் பார்க்கிறேன். 50 பக்கத்தில் வரவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

அந்த சர்வீஸ்காரர் EXR-க்கும் PNG-க்கும் உள்ள விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார். மீதியைக் கேட்டதற்கு, "ரெண்டர் ஓடுச்சு இல்ல சார்" என்றார். 150 ஃபிரேமையும் வேறு இடத்தில் மறுபடி எடுத்தேன்.