இரண்டு நாள் ஆர்எஸ்ஐ முறை சொல்லித்தந்த பங்கு வகுப்பில் 148,000 ரூபா போச்சு, வன்னி ஆக்கள் கவனம்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் ஒழுங்கில்லாமல்தான் எழுதுவேன். கிளிநொச்சி டவுனில் பங்குச் சந்தை வகுப்பு நடத்தும் ஒரு கூட்டத்திடம் 148,000 ரூபா இழந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. வகுப்புக் கட்டணம் 45,000, மிச்சம் அவர்கள் சொல்லித்தந்த முறையில் வாங்கிய பங்கில். உளுந்து வித்த காசு அது.

முறை பொய்யில்லை, அதுதான் பொறி. ஆர்எஸ்ஐ என்பது கடைசிச் சில நாளில் விலை ஏறியது கூடவா இறங்கியது கூடவா என்று 0 முதல் 100 வரையான எண்ணில் காட்டும் அளவுகோல், கனக்க இறங்கினால் எண் சிறிதாகும். 1978இல் வைல்டர் என்ற அமெரிக்கர் கொண்டுவந்தது, அவர் வைத்தது 14 நாள். அதை 2 நாளாகச் சுருக்கிப் பிரபலமாக்கியவர் லாரி கானர்ஸ் என்ற அமெரிக்க வர்த்தகர். விலை கடைசி 200 நாள் விலைகளின் சராசரிக்கு மேலே இருக்கவேண்டும், அதாவது ஏற்றப்போக்கு. அதற்குள் ஆர்எஸ்ஐ 10க்குக் கீழே விழுந்தால் வாங்கு, விலை 5 நாள் சராசரிக்கு மேலே முடிந்தால் வில். அமெரிக்கச் சுட்டெண் படத்தைப் பெரிய திரையில் போட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் பச்சை அம்புக்குறி வைத்துக் காட்டினார்கள். எல்லா அம்புக்குப் பிறகும் விலை ஏறுது. பிறகு அந்த ஆசிரியர் பக்கத்தில் வந்திருந்து, "அண்ணை, இது சூதாட்டம் இல்லை, கணக்கு" என்றார். நம் பேச்சில், நம் பிள்ளை மாதிரிச் சொன்னார். அந்த இடத்தில்தான் நம்பினேன்.

இனி நடந்ததைக் கேளுங்கோ. கொழும்புப் பங்கு ஒன்று, 200 நாள் சராசரி 68, விலை 80. அது 79, 77, 75.50 என்று இறங்கியது, ஆர்எஸ்ஐ 33, 14, 8 என்று வந்தது. 75.50இல் 6,000 பங்கு வாங்கச் சொன்னார்கள். அடுத்த நாள் 70.50. ஆர்எஸ்ஐ 2. "இன்னும் மலிவு, இன்னொரு 6,000 எடுங்கோ" என்று வகுப்புக் குழுவில் செய்தி. அதையும் வாங்கினேன். இதைத்தான் வகுப்பில் மறைத்தார்கள்: 10க்குக் கீழே போனபின் இந்த எண்ணுக்குச் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. சாதாரணச் சரிவும் பேரிடியும் இரண்டுமே 2, 3 என்றுதான் தெரியும். அடுத்து 66, 64, 63, அப்புறம் 66. அந்தக் கடைசி 66இல்தான் "விற்கலாம்" என்ற சைகை வந்தது, ஏனென்றால் 5 நாள் சராசரி தானே இறங்கி 65.90க்கு வந்துவிட்டது. விலை ஏறி சராசரியைத் தொடவில்லை, சராசரிதான் இறங்கி விலையிடம் வந்தது. நட்டத்தோடு விற்பதும் இவர்கள் முறையில் "வெற்றிகரமான வெளியேற்றம்". பங்கில் மட்டும் 84,000 போச்சு.

அதற்கு மேல் தரகு. கொழும்பில் வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம். 75.50க்கு வாங்கினால் 77.20 தாண்டினால்தான் முதலே திரும்பும். இந்த முறை பிடிப்பதே சில நாள் சிறு துள்ளலை. அந்தத் துள்ளலில் பாதிக்கு மேல் தரகுக்கே போகுமென்றால் பிறகு எதற்கு? எனக்கு 18,700 ரூபா அளவில் இதிலேயே போனது. வகுப்பில் தரகு என்ற சொல்லே வரவில்லை.

கேட்டேன். "பொறுமையா இருங்கோ அண்ணை" என்றார்கள். திரும்பக் கேட்டேன், "உங்கட மனநிலைதான் பிழை" என்றார்கள். கட்டணத்தையாவது தாங்கோ என்றதும் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். 148,000 ரூபா!

பிறகு மகன் பழைய விலைகளை எடுத்துப் பார்த்தான். அவர்கள் காட்டிய படம் 2019 டிசம்பரோடு நின்றிருக்கிறது. அடுத்ததைக் காட்டியிருந்தால்? 2020 பெப்ரவரி 24, அமெரிக்காவின் எஸ்அன்ட்பி 500 சுட்டெண் 3,225, 200 நாள் சராசரிக்கு நல்ல மேலே, ஆர்எஸ்ஐ 10க்கு வெகு கீழே. விதிப்படி வாங்கவேண்டிய நாள். மூன்று நாளில் அது 200 நாள் சராசரிக்குக் கீழே போனது. மார்ச் 2ஆம் தேதி விற்கும் சைகை வந்தபோது 3,090. நான்கு வீத நட்டம், அதுவும் தரகில்லாமல். 200 நாள் சராசரி மெதுவாக நகர்வது, போக்கு உடைந்ததை அது சொல்லும்போது கைக்காசு பாதி கரைந்திருக்கும். நட்டம் இவ்வளவுக்கு மேல் போனால் வில் என்று கானர்ஸ் விதியில் தடுப்பும் இல்லை, வகுப்பிலும் சொல்லவில்லை.

வேகமாகச் சொல்கிறேன். படம் எந்த வருடத்தோடு முடிகிறது என்று கேளுங்கோ. தரகைக் கழித்துக் கணக்குக் காட்டச் சொல்லுங்கோ. நாளுக்குச் சில ஆயிரம் பங்கு மட்டும் கைமாறும் கொழும்புப் பங்கில் இதைச் செய்யவே வேண்டாம், விற்கப் போனால் வாங்க ஆளிருக்காது. இறங்க இறங்க இரண்டாம் தரம் வாங்கச் சொன்னால் எழும்பி வாங்கோ. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி இருக்கா என்று கட்டணம் கட்டமுதல் பாருங்கோ. இந்த வாரம் முல்லைத்தீவிலும் இதே கூட்டம் மண்டபம் எடுத்திருக்கிறதாம், அங்கே யாராவது போகிறதென்றால் இதை அனுப்பிவிடுங்கோ.