"2 மடங்கு ஸ்டாப் லாஸ் இருக்கு, நட்டம் அதோடு நிற்கும்" என்று சொல்லும் வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் சனிக்கிழமைகளில் இந்தியப் பங்குச் சந்தையின் இண்டெக்ஸான நிஃப்டியில் ஒப்ஷன் வியாபார வகுப்பு எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். பெயர் போட மாட்டேன், போய் வந்தவர்களுக்கு ஆளைத் தெரியும். நான் 35,000 கட்டிப் போனேன். அதைவிடப் பெரிய பிழை, கோத்தகிரியில் இருக்கிற என் மாமா மகனையும் இதில் இழுத்து விட்டது. மாமா குடும்பம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனவர்கள், மச்சான் அங்கேயே பிறந்தவன், இந்தியப் பிரஜை, அவனிடம் அங்கே டீமேட் கணக்கு இருந்தது. நமது கொழும்புச் சந்தையில் இண்டெக்ஸ் ஒப்ஷன் என்ற ஒன்றே கிடையாது. ஆகவே நான் படிக்கிறது, அவன் தன் பணத்தில் போடுகிறது என்று பேசிக்கொண்டோம். வகுப்புக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்புவதை நான் அவனுக்குத் தள்ளிவிடுவேன்.

முறை இதுதான். இண்டெக்ஸ் குறித்த ஓர் அளவுக்குக் கீழே போனால் விற்றவர் வாங்கியவருக்கு வித்தியாசத்தைக் கொடுக்கிற ஒப்பந்தம் புட், மேலே போனால் கொடுக்கிறது கோல், அதற்காக விற்றவருக்கு முதலிலேயே கிடைக்கிற விலை பிரீமியம். நிஃப்டி நிற்கிற இடத்துக்குக் கீழே தூரத்தில் ஒரு புட், மேலே தூரத்தில் ஒரு கோல், இரண்டையும் விற்க வேண்டும். இதற்குப் பெயர் ஷார்ட் ஸ்ட்ராங்கிள். இண்டெக்ஸ் இரண்டுக்கும் நடுவில் நின்றால் வாங்கிய பிரீமியம் முழுவதும் நமக்கு. ஒரு பக்கம் ஓடினால், அந்தப் பக்கத்து ஒப்ஷனின் விலை விற்ற விலையின் 2 மடங்குக்கு வந்ததும் அந்தக் காலை, அதாவது அந்த ஒரு ஒப்ஷனை, ஸ்டாப் லாஸ் ஓர்டர் திருப்பி வாங்கி மூடிவிடும். 38-க்கு விற்றால் 76-ல் வெளியே, நட்டமும் 38 புள்ளிதான். இதை அவர் வெள்ளைப் பலகையில் எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தார். ஒரு லொட்டுக்கு, அதாவது அப்போது 75 கொண்ட ஒரு கட்டுக்கு, பிணைப்பணமாகப் பிடித்து வைக்கிற மார்ஜின் ஒரு லட்சம் இந்திய ரூபாய் போதும் என்று புரோக்கர் திரையின் படத்தையும் காட்டினார்.

அந்த மார்ஜின் கதையில் உள்ள ஏமாற்றை முதலில் சொல்கிறேன். மச்சான் முதல் தடவை போடப் போனபோது திரை ஒரு லொட்டுக்கு 2,14,000 கேட்டது. வகுப்புக்காரரிடம் கேட்டால் "உங்கள் புரோக்கர் அப்படித்தான், 4 லொட் வேண்டாம், 2 லொட் போடுங்கள்" என்றார். பிறகுதான் அந்தப் படத்தை பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இரண்டு கால் இல்லை, நான்கு கால் இருந்தது. விற்ற புட்டுக்கு இன்னும் கீழே ஒரு புட், விற்ற கோலுக்கு இன்னும் மேலே ஒரு கோல், இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறார். அப்படிக் காப்பு வாங்கினால் நட்டத்துக்கு ஓர் எல்லை வந்துவிடும், அதனால்தான் மார்ஜின் பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் அந்தக் காப்பு ஓசியில் வராது, வாங்கிய பிரீமியத்தில் ஒரு பங்கை அது தின்னும். அவர் லாபக் கணக்கை காப்பு இல்லாத ஸ்ட்ராங்கிளுக்கும், மார்ஜின் கணக்கைக் காப்போடு உள்ளதுக்கும் காட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே வியாபாரம் இல்லை.

அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. 2 மடங்கு ஸ்டாப் லாஸ் உண்மையிலேயே நட்டத்தை நிறுத்தும் என்றால், ஒரு லொட்டில் ஒரு காலின் நட்டம் 38 × 75 = 2,850 ரூபாய்தானே. அப்படியானால் எக்ஸ்சேஞ்ச் ஏன் 2,14,000-ஐ முன்கூட்டியே பிடித்து வைக்கிறது? நம்முடைய ஸ்டாப் லாஸை அது கணக்கில் எடுப்பதே இல்லை. இண்டெக்ஸ் ஒரேயடியாகப் பெரிய தூரம் மேலேயோ கீழேயோ போய், விலைத் தளம்பலும் கூடினால் இந்த இரண்டு காலும் எவ்வளவு இழக்கும் என்று பல நிலைகளை வைத்துப் பார்த்து, அதில் மோசமானதை ஸ்பான் மார்ஜினாக எடுக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு காலுக்கும் ஒப்பந்த மதிப்பில் 2 வீதம். நிஃப்டி 22,900-ல் நின்றால் 75 கொண்ட லொட்டின் மதிப்பு 17 லட்சத்துக்கு மேல், 62 புள்ளிப் பிரீமியத்துக்காக நாம் தோளில் ஏற்றிக்கொள்கிற பாரம் அவ்வளவு.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை. நிஃப்டி 22,904-ல் மூடியது. அந்த வாரத்து ஒப்ஷன் முடிவது 9ஆம் தேதி புதன்கிழமை. வகுப்புக்காரரின் செய்தி வந்தது: 22,300 புட், 23,400 கோல் விற்கவும், திங்கள் வரை வைத்திருக்கவும், சனி ஞாயிறு இரண்டு நாளில் ஒப்ஷன் விலையில் ஏற்படும் தேய்மானம் நமக்கு இலவசம். மச்சான் புட்டை 38-க்கும் கோலை 24-க்கும் விற்றான். 2 லொட். கணக்கில் இருந்த 4,50,000-ல் 4,28,000 மார்ஜினாகப் பூட்டிக்கொண்டது. கையில் வந்த பிரீமியம் 9,300.

மும்பையில் சந்தை மூடுவது மாலை மூன்றரைக்கு, அமெரிக்காவில் திறப்பது நமக்கு இரவு. டிரம்ப் 2ஆம் தேதி அறிவித்த வரியால் வெள்ளி இரவு அமெரிக்கச் சந்தை 6 வீதம் அளவுக்கு விழுந்தது. சனிக்கிழமை காலையே எனக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது, திங்கள் காலை 9.15 வரை ஒரு பட்டனும் வேலை செய்யாது. வெள்ளி போட்ட ஸ்டாப் லாஸ் ஓர்டர் அன்று மாலையோடு செத்துவிட்டது, அது ஒரு நாளைக்குத்தான் செல்லும். ஞாயிறு இரவு "புதிதாக எஸ்எல் போட்டு வையுங்கள், பயப்பட ஒன்றுமில்லை" என்று வகுப்புக்காரர் அனுப்பினார். மச்சான் மறுநாள் திறக்கும்போது போகும்படி டிரிகர் 76, லிமிட் 80 என்று போட்டு வைத்தான்.

திங்கள் 9.15-க்கு நான் கடையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஃப்டி 21,758-ல் திறந்தது. வெள்ளி மூடிய இடத்திலிருந்து 1,146 புள்ளி கீழே, நடுவில் ஒரு வியாபாரமும் இல்லை. 22,300 புட் 76-ஐயும் பார்க்கவில்லை, 80-ஐயும் பார்க்கவில்லை, நேராக 590 பக்கம் வந்து நின்றது. மச்சான் எடுத்த போன் கோல் இன்னும் காதில் இருக்கிறது. "மச்சான், எஸ்எல் அடிச்சிருச்சு, ஆனா ஓப்பன்னு காட்டுதே, அப்படின்னா என்ன?" திரைப் படத்தை அனுப்பினான். `22300 PE BUY 150 @ 80.00 OPEN`. அதன் பக்கத்திலேயே விலை 587.

அந்த ஒரு வரியின் அர்த்தம் என்ன என்று வகுப்பில் ஒரு நாளும் சொல்லப்படவில்லை. 2021 செப்டம்பருக்குப் பிறகு நிஃப்டி வியாபாரம் நடக்கிற என்எஸ்இ எக்ஸ்சேஞ்சில் ஒப்ஷனுக்கு "என்ன விலை என்றாலும் வாங்கி மூடு" என்கிற ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஓர்டர் கிடையாது. ஸ்டாப் லாஸ் லிமிட் மட்டும்தான். டிரிகர் விலை தாண்டியதும் ஓர்டர் உயிர்பெறும், ஆனால் லிமிட்டுக்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காது. 587 போகிற பொருளுக்கு 80 கேட்டு வரிசையில் நின்றால் யார் தருவார்? ஸ்டாப் லாஸ் "அடித்துவிட்டது", பொசிஷன் அப்படியே திறந்து கிடக்கிறது. சரி, அதை ரத்து செய்து 76 டிரிகரோடு மறுபடி போட்டால், விலை ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டதால் திரும்பி வந்துவிடும். கையால் விலையை ஏற்றி வாங்குவது ஒன்றே வழி. மச்சான் 600 என்று மாற்றப் போனபோது அவன் கை ஓடவில்லை, ஓரிரு நிமிடம் தயங்கினான்.

அதற்குள் மார்ஜின் வந்து நின்றது. விற்ற புட்டின் விலை ஏறிய அளவு அப்படியே மார்ஜினில் கூடும், இரண்டு லொட்டுக்கு 80,000-க்கு மேல். அன்று விலைத் தளம்பலை அளக்கிற இந்தியா விக்ஸ் ஒரே நாளில் 13-லிருந்து 22-க்கு மேல் பாய்ந்தது, அதனால் ஸ்பானும் ஏறியது. கணக்கில் சும்மா கிடந்தது 30,000 கூட இல்லை. ஒரு லட்சம் அளவில் குறைகிறது என்று ஒரு எஸ்எம்எஸ், கொஞ்ச நேரத்தில் புரோக்கரே 545-ல் வாங்கி மூடிவிட்டார்கள். புட்டில் 507 × 150 = 76,050 நட்டம். கோலை 2-க்கு வாங்கியதில் 3,300 லாபம். மொத்தம் 72,750 போச்சு, நம்ம காசுக்கு இரண்டரை லட்சம். வகுப்பில் இரண்டு லொட்டுக்குச் சொன்ன ஆகக்கூடிய நட்டம் 5,700.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். புதன்கிழமை நிஃப்டி 22,399-ல் மூடியது. அதாவது 22,300 புட் பூஜ்யத்தில் முடிந்தது. அன்று மாலை குழுவில் அவர் போட்டார்: "பொறுமையாக வைத்திருந்தவர்களுக்கு முழுப் பிரீமியமும் கிடைத்தது." நான் கேட்டேன், "சேர், 2 மடங்கில் கட்டாயம் வெளியே வர வேண்டும் என்பது உங்கள் விதிதானே? வைத்திருக்க வேண்டும் என்றால் திங்கள் காலை ஒரு லட்சம் கூடுதலாக யார் கட்டுவது?" பதில் வரவில்லை, அரை மணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். வைத்திருந்தவர் யாராவது இருந்தால், அவர் கணக்கில் மார்ஜினுக்கு மேல் நிறையப் பணம் சும்மா கிடந்திருக்க வேண்டும். இந்த முறைக்கு வெள்ளிக்கிழமை திரை காட்டுகிற மார்ஜின் நுழைவுக் கட்டணம் மட்டுமே. இரவு தாண்டி வைத்திருக்கிறவருக்கு, இப்படி ஒரு திங்கள் வந்தாலும் புரோக்கர் கைவைக்காத அளவுக்கு மேலதிகப் பணம் வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை 21,900 புட்டை 12-க்கு வாங்கி வைத்திருந்தால் அந்தப் பக்கம் என்ன ஆனாலும் ஒரு லொட்டுக்கு 28,050-க்கு மேல் போயிருக்காது. விற்றது 38, வாங்கியது 12, மிச்சம் 26, இரண்டு புட்டுக்கும் இடைவெளி 400. 28,050 சின்னத் தொகை இல்லை, 2,850-க்கு அது பத்து மடங்கு. ஆனால் அதை வெள்ளிக்கிழமையே தாளில் எழுதிப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்திருக்கலாம்.

இனி, போகப் போகிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது. அவர் முதல் வகுப்பில் ஒரு எக்ஸெல் தாள் கொடுப்பார், பழைய வாரங்களின் லாப நட்டம். அதில் நட்ட வரிகளை மட்டும் பாருங்கள். எல்லா நட்டமும் விற்ற விலைக்குச் சரிசமம், ஒரு ரூபாய் கூடக் கூடுதல் இல்லை. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்து நிஃப்டி 5.93 வீதம் விழுந்த நாளிலும் அப்படியே. உண்மையில் ஓர்டர் போட்டவரின் தாளில் 2 மடங்கு ஸ்டாப் 2.1, 2.4, சில நாள் 5, ஒரு நாள் 14 என்று கலைந்துதான் இருக்கும். அந்தத் தாள் டிரிகர் விலையிலேயே மூடியதாகச் சூத்திரம் போட்டுச் செய்தது, நான் செல்லைத் தட்டிப் பார்த்தேன்.

```
=-B14*75
```

அவ்வளவுதான் அதில் இருந்தது, B14 விற்ற விலை.

இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியில் அவர் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, இங்கே இருந்து பேசுகிறவர், மச்சான் அங்கே முறைப்பாடு செய்ய ஒரு பதிவு எண் கூட இல்லை. கட்டணத்துக்கு ரசீதும் தரவில்லை, வங்கி ஸ்லிப் மட்டும் என்னிடம் இருக்கிறது. மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாதம் 20,000 வீதம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பிரிவு சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். கட்டிவிட்டவர்கள் முதல் நாளே எல்லோர் முன்னாலும் அந்தத் தாளில் 2025 ஏப்ரல் 7 வரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எனக்குக் கொடுத்த தாள் மார்ச்சோடு முடிகிறது.