ஒரே ஊரிலிருந்து கிளம்பும் இரண்டு சிப் பாதைகள்

ஏஐ சிப் என்றாலே என்விடியா பெயர்தான் அடிபடுகிறது. என்விடியா செய்வது வடிவமைப்பு. சிப்பைத் தயாரித்துக் கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி. டிஎஸ்எம்சி அதற்குப் பயன்படுத்தும் முக்கிய இயந்திரம் நெதர்லாந்தில் ஃபெல்ட்ஹோவன் என்ற ஊரில் இருக்கும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்திலிருந்து வருகிறது. அந்த வகை இயந்திரத்தை உலகில் வேறு யாரும் விற்பதில்லை. அமெரிக்காவும் சீனாவும் இன்று மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இந்த இயந்திரத்தைச் சுற்றித்தான்.

சிலிக்கன் தகட்டில் மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் பதிக்க இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று இயூவி எனப்படும் மிகக் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளி, மேலே சொன்ன இயந்திரம் இந்த வகை. இன்னொன்று அதைவிட நீண்ட அலைநீளமுள்ள டியூவி. முதல் வழி சீனாவுக்கு அடைக்கப்பட்டுவிட்டது. அதனால் அது இரண்டாவது வழியை அதன் எல்லை வரை இழுத்துப் பார்க்கிறது.

வித்தியாசம் ஒளியின் அலைநீளத்தில் இருக்கிறது. டியூவி ஒளியின் அலைநீளம் 193 நானோமீட்டர். லென்சுக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீரை நிறுத்தி எவ்வளவு கூர்மையாக்கினாலும், ஒரே பதிப்பில் சுமார் 40 நானோமீட்டர் அகலக் கோட்டுக்குக் கீழே போவது கடினம். இயூவி ஒளியோ 13.5 நானோமீட்டர். அதில் ஒரே பதிப்பிலேயே 13 நானோமீட்டர் பக்கம் போய்விடலாம்.

அந்த ஒளியை உண்டாக்குவதுதான் பெரும்பாடு. உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் வெற்றிடத்தில் விழவிட்டு, ஒவ்வொரு துளியையும் லேசரால் இரண்டு முறை அடிக்கிறார்கள். முதல் அடியில் துளி தட்டையாகிறது, இரண்டாவதில் வெடித்து ஒளிர்கிறது. இந்த ஒளியைக் கண்ணாடி லென்ஸ் விழுங்கிவிடும் என்பதால் முழுக்கவும் ஆடிகள்தான். ஆடிகளைத் தருவது ஜெர்மனியின் சைஸ், லேசரைத் தருவது ஜெர்மனியின் ட்ரம்ஃப். ஒளி மூலத்தை உருவாக்கியது அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள சைமர். 2013-இல் ஏஎஸ்எம்எல் அதை வாங்கிவிட்டது. ஒளி மூலம் அமெரிக்கத் தொழில்நுட்பம் என்பதால்தான் நெதர்லாந்தில் செய்த இயந்திரத்தைப் பற்றி வாஷிங்டனால் அத்தனை அழுத்தமாகப் பேச முடிகிறது. சீனாவின் சிப் தயாரிப்பு நிறுவனமான எஸ்எம்ஐசி இப்படி ஓர் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஆனால் 2019-லிருந்து நெதர்லாந்து அரசு ஏற்றுமதி உரிமம் தரவில்லை. ஒன்றுகூட சீனாவுக்குப் போய்ச் சேரவில்லை.

சரி, இயூவி இல்லாமல் என்ன செய்வது? ஒரே அடுக்கின் வடிவத்தைப் பல பதிப்புகளாகப் பிரிப்பது. முதல் பதிப்பில் கோடுகளை இடைவெளி விட்டுப் பதித்து அரித்தெடுப்பார்கள். பிறகு கொஞ்சம் நகர்த்தி, விட்ட இடைவெளிகளில் அடுத்த பதிப்பு. தடித்த மார்க்கரால் நெருக்கமான கோடு போட வேண்டியிருந்தால் நாம் செய்வதும் இதுதான். இது சீனாவின் கண்டுபிடிப்பு அல்ல. டிஎஸ்எம்சியே 2018-இல் தன் முதல் 7 நானோமீட்டர் சிப்களை இயூவி இல்லாமல் இப்படித்தான் தயாரித்தது. இந்த 7 என்பது ஒரு தலைமுறையின் பெயர், கோட்டின் அகலம் அல்ல. பிறகு இயூவிக்கு மாறியதற்குக் காரணம் செலவும் பழுதும். ஒவ்வொரு கூடுதல் பதிப்புக்கும் வடிவத்தைத் தாங்கும் தனி மாஸ்க், தனி அரிப்பு, தனிச் சோதனை வேண்டும். இரண்டு பதிப்புகளுக்கு நடுவே ஒருசில நானோமீட்டர் விலகினாலே போதும், கோடுகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் கசியும். பல சமயம் தகடு முழுதும் முடிந்து, மின் சோதனைக்குப் போகும்போதுதான் அது தெரியவரும்.

2023 ஆகஸ்ட் கடைசியில் ஹுவாவே மேட் 60 ப்ரோ போன் வந்தபோது அமெரிக்கத் தடைகள் தோற்றுவிட்டன என்ற பேச்சு கிளம்பியது. அதிலிருந்த கிரின் சிப் எஸ்எம்ஐசியின் 7 நானோமீட்டர் தயாரிப்பு. அப்போது அமெரிக்க வர்த்தகச் செயலர் ஜீனா ரைமோண்டோ சீனாவில்தான் இருந்தார், எனவே பரபரப்புக்குக் குறைவில்லை. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் போன் சிப்பை வைத்து ஏஐ சிப்பை எடை போடக்கூடாது என்பது என் கருத்து. காரணம் பரப்பளவு. சிப் பெரிதாகப் பெரிதாக, அதில் ஒரு பழுதாவது விழும் வாய்ப்பு கூடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தகட்டில் 5 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு பழுது என்று வைத்துக்கொள்வோம். போன் சிப் சுமார் 1 சதுர சென்டிமீட்டர். நூற்றுக்கு 82 தேறும். என்விடியாவின் எச்100 போன்ற ஏஐ சிப் சுமார் 8 சதுர சென்டிமீட்டர். நூற்றுக்கு 20தான் தேறும். இப்போது கூடுதல் பதிப்புகளால் பழுது இரட்டிப்பானால் என்ன ஆகும்? போன் சிப் 67-க்கு இறங்கும், அதைச் சமாளித்துவிடலாம். பெரிய சிப் 4-க்கு வந்துவிடும். 12 அங்குலத் தகடு ஒன்றில் அந்த அளவுச் சிப்கள் 60 போலத்தான் அமையும், அதில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். நிஜத்தில் பழுதான பகுதியை மட்டும் அணைத்துவிட்டு மீதியை விற்பார்கள் என்பதால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் சரிவின் திசை இதுதான்.

ஹுவாவே இந்தப் பள்ளத்தை வேறு விதமாக நிரப்பப் பார்க்கிறது. ஒரு சிப்பின் வலு குறைவு என்றால் நிறையச் சிப்களைச் சேர்ப்பது. என்விடியா 72 சிப்களை இணைத்து ஒரு தொகுதி விற்கிறது என்றால், ஹுவாவேயின் கிளவுட்மேட்ரிக்ஸ் தொகுதி அதன் அசெண்ட் ஏஐ சிப்கள் 384-ஐ இணைக்கிறது. 2025-இல் வந்தபோது மொத்தக் கணக்கிடும் வலுவில் அது அப்போதைய என்விடியா தொகுதியைத் தாண்டியது. மின்சாரம் ஏறக்குறைய நான்கு மடங்கு குடிக்கிறது என்பது வெளி ஆய்வாளர்களின் மதிப்பீடு. மின் உற்பத்தியை வேகமாகப் பெருக்கும் சீனாவுக்கு அது தாங்கக்கூடிய விலை. மின் இணைப்புக்கே வருடக்கணக்கில் காத்திருக்கும் நாடுகளுக்கு அப்படியில்லை. அப்புறம், அசெண்ட் சிப்கள் எல்லாமே சீனாவில் தயாரானவையும் அல்ல. 2024-இல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே டிஎஸ்எம்சி தயாரித்த சில்லு இருந்தது. இடையில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்டிருந்தது தெரிந்து டிஎஸ்எம்சி அந்த வாடிக்கையாளருக்கு அனுப்புவதை நிறுத்தியது. சிப்போடு ஒட்டி வைக்கும் எச்பிஎம் நினைவகமும் எஸ்கே ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் என்ற மூன்றே பேர் கையில் இருந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்கா அதற்கும் கட்டுப்பாடு போட்டது.

இயூவி பாதை மட்டும் பத்திரமானதா என்றால், இல்லை. அதன் பலவீனம் தைவான் இருக்கும் இடம். 2024 ஏப்ரல் 3 அன்று ஹுவாலியனில் பெரும் நிலநடுக்கம் வந்தது. இயூவி இயந்திரங்களுக்குச் சேதமில்லை, 10 மணி நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் கருவிகள் மீண்டுவிட்டன என்று டிஎஸ்எம்சி அறிவித்தது. நிலநடுக்கத்துக்குத் தயாராக இருக்கலாம். சீனா கடலில் முற்றுகையிட்டால் அதற்கு அப்படித் தயாராக முடியாது. அரிசோனாவில் டிஎஸ்எம்சி ஆலை ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் மிக முன்னேறிய தொழில்நுட்பம் முதலில் இறங்குவது இன்னமும் தைவானில்தான்.

இரண்டையும் ஒப்பிட்டால், பெரிய ஏஐ சிப்களை ஏராளமாகச் செய்ய இயூவிக்கு இன்று மாற்று இல்லை. தடை சீனாவை நிறுத்தவில்லை, எண்ணிக்கையில் பின்தள்ளியிருக்கிறது. டியூவி பாதையைச் சீனாவின் சொந்தப் பாதை என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. எஸ்எம்ஐசி ஓட்டுகிற அந்த டியூவி இயந்திரங்களும் ஃபெல்ட்ஹோவனில் செய்தவைதான். தடை மேலும் இறுகும் முன் வாங்கிக் குவித்ததில் 2024-இல் ஏஎஸ்எம்எல் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனாவிலிருந்து வந்தது. இத்தகைய இயந்திரங்களைச் செய்ய முயலும் சீனாவின் சொந்த நிறுவனமான எஸ்எம்இஇ இன்னும் அந்தத் தரத்தை எட்டவில்லை.

அதனால் அடுத்த ஹுவாவே போனுக்குள் என்ன சிப் என்று பிரித்துப் பார்ப்பதைவிட, சீனாவில் ஏற்கெனவே நிற்கும் டியூவி இயந்திரங்களுக்கு உதிரிபாகமும் பராமரிப்பும் தர நெதர்லாந்து அரசு உரிமம் தருகிறதா, நிறுத்துகிறதா என்பதைத்தான் நான் கவனிப்பேன். ஏற்கெனவே வாங்கிய இயந்திரமும் பராமரிப்பு நின்றால் மெல்ல மெல்லத் துல்லியம் இழக்கும். பல பதிப்பு முறைக்கு வேண்டியதே அந்தத் துல்லியம்தான்.